வடிகட்டியில் கிடைத்த தக்காளி விதை

ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த வலி வந்தது. இடுப்புக்கு மேலே, முதுகின் வலப்பக்கத்தில் யாரோ திருகாணியை வைத்துத் திருகுவது போல இருந்தது. அது அடிவயிறு வரைக்கும் இறங்கியது. நாற்காலியில் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் ஆட்டோவை வரவழைத்து என்னைப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போனார். ஊசி போட்டு வலி அடங்கிய பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க் குழாயில் ஒரு சின்னக் கல்.

டாக்டரம்மா இளம்வயதுக்காரர். "சின்னதுதான். தானா வந்துடும். தண்ணி நிறையக் குடிங்க. ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் ஒரு வடிகட்டியில சலிச்சுப் பாருங்க. கல்லு கெடச்சா தூக்கிப் போட்டுடாதீங்க, கொண்டாங்க" என்றார்.

அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. என் மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அவர் சந்தோஷமாக இருந்தால் என்னை 'டீச்சர்' என்பார், கோபம் வந்தால் 'ஏம்மா' என்பார்.

"ஏம்மா, நான் அப்பவே சொல்லல? தக்காளி தொக்கு, தக்காளி சட்னி, தக்காளி சாதம்னு தின்னா விதை போயி உள்ள சேராம என்ன பண்ணும்?"

அன்றைக்கே வீட்டிலிருந்த தக்காளி எல்லாம் எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. புளிக்கரைசலில் மிளகைத் தட்டிப் போட்டு ஒரு ரசம் வந்தது. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த என் கணவர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "கல்லு அவளுக்கா, எனக்கா?" என்று கேட்டார். அத்தை கத்தரிக்காயை அரிந்து விதையை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். விதை உள்ள எதுவும் அவருக்கு ஆகாமல் போயிருந்தது. வெண்டைக்காயில் விதையை எடுக்கப் பார்த்து, முடியாமல் வெண்டைக்காயையே தடை செய்துவிட்டார்.

கல் என்றால் சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்றால் பால் என்று கணவர் கண்டுபிடித்துச் சொன்னார். பாலும் தயிரும் நின்றன. காலையில் நான் குடிக்கும் ஜூஸ் மட்டும் நிற்கவில்லை. ரத்தம் குறைவாக இருக்கிறது என்று அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு யாரோ சொல்ல, பாலக் கீரையையும் பீட்ரூட்டையும் பச்சையாக அரைத்து ஒரு பெரிய டம்ளரில் கணவர் கொடுத்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு நல்லதாயிற்றே என்று அதை யாரும் சந்தேகப்படவில்லை.

நான் டீ வடிகட்டி ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு சலித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் புடவை கட்டுவதற்கு முன்னால், அது கிடைத்தது. தட்டையாக, வெளிர்பழுப்பாக, நுனி கொஞ்சம் கூராக இருந்தது. வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்ததும் எனக்கே பகீரென்றது. அப்படியே தக்காளி விதை.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

"பாத்தியா? பாத்தியா? விதையேதான்! நாளைக்கு நானும் வரேன். அந்தம்மா மூஞ்சிக்கு நேரா காட்டணும்."

மறுநாள் ஒரு சின்ன டப்பாவில் அதைப் போட்டு அத்தையே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் திறந்து காட்டினார். வாலிகண்டபுரத்துக்குப் போக ஏறியிருந்த ஒரு பெண் பார்த்துவிட்டு, அன்று வாங்கிய தக்காளிப் பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கி, நகத்தால் மெதுவாக அழுத்திக் காட்டினார். "விதைன்னா நசுங்கும்ங்க. இது நசுங்குதா? பரிசோதனைக்கு அனுப்பறேன், அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரமும் அத்தை வந்தார். கால்சியமும், காய்கறிகளில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து உறைந்த கால்சியம் ஆக்சலேட் கல் என்று முடிவு வந்திருந்தது.

"சரிங்க டாக்டரம்மா, அந்த விதைதான் உள்ள போயி இப்படி ஆயிடுச்சுன்னு வைங்க" என்று அத்தை விடாமல் ஆரம்பித்தார்.

"அம்மா, சாப்பிடறது குடலுக்குத்தான் போவும். கிட்னிக்கு ரத்தம் மட்டுந்தான் போவும், அதுல கரைஞ்சிருக்கறதுதான் போவும். முழு விதை போக வழியே இல்ல. அது அப்படியே வெளிய வந்துடும்."

அத்தை தனக்குத்தானே சொல்வதுபோல, "அதான் கொல்லையில ஒதுங்கற எடத்துல தக்காளிச் செடியா மொளைக்குதா!" என்றார். இப்போது டாக்டரம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு என்னை விசாரித்தார். காலையில் என்ன குடிக்கிறேன் என்று கேட்டதும் ஜூஸைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தக்காளியில ஆக்சலேட் கம்மிங்க. பாலக்கும் பீட்ரூட்டும்தான் அதிகம். அதைப் பச்சையா தெனம் ஒரு டம்ளரா? தண்டுக்கீரையிலயும் உண்டு. அதுக்காகக் கீரையே தின்னாதீங்கன்னு சொல்லல. வேகவச்சு தண்ணிய வடிச்சிட்டு, அளவா, தயிரோட சாப்பிடுங்க."

"தயிரை நிறுத்திட்டோமே" என்றேன்.

"யார் நிறுத்தச் சொன்னா? சாப்பாட்டோட தயிரு இருந்தா அதுல இருக்கற கால்சியம் ஆக்சலேட்டைக் குடல்லயே புடிச்சி வெளிய அனுப்பிடும். நீங்க அதை நிறுத்தி ஆக்சலேட்டுக்குக் கதவைத் தொறந்து விட்டிருக்கீங்க."

ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் எங்கள் வீட்டில் நாள் தவறாது. அதைக் கேட்டதும் டாக்டரம்மா, உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும் என்றார். என் அப்பாவுக்கும் ஒருமுறை கல் வந்ததைச் சொன்னதும், அப்படியானால் இன்னும் கவனம் வேண்டும் என்றார். அத்தை, எங்கள் சுண்ணாம்புக்கல் பூமியின் தண்ணீர்தானே காரணம் என்று கேட்டார். "அந்தத் தண்ணியாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. தண்ணியே குடிக்காததுதான் பெரிய காரணம்" என்று சொல்லிவிட்டு, "ஸ்கூல்ல எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று என் பக்கம் திரும்பினார்.

 எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்கள் யாரும் குடிப்பதில்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வீட்டிலிருந்து கிளம்பினால் திரும்பி வரும்வரை அடக்கிக்கொள்வது எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது. இதைச் சொன்னதும் அத்தைதான் முதலில் பேசினார்.

"ஏம்மா, இத்தனை வருசமாவா? என்னைத் தக்காளிய பழிக்க விட்டுட்டு, தாழ்ப்பாளைச் சொல்லலியே!"

வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்று கிளம்பும்போது கேட்டேன். "தாராளமா. ஆனா அது கல்லைக் கரைச்சிடும்னு நம்பி வலியோட வீட்ல உட்கார்ந்துடாதீங்க. காய்ச்சல் வந்தா உடனே வாங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமை கணவர் தாழ்ப்பாள், திருகாணி, திருப்புளியோடு என்னுடன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைமையாசிரியர் கூச்சத்தோடு சாவி கொடுத்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை என்று கணவர் கீலையும் மாற்றினார். திங்கட்கிழமை டீச்சர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறைக்கும் வேண்டும் என்று அவர்களே வந்து கேட்டார்கள். அதையும் செய்தோம். இடையில் ஒரு மணியடித்து எல்லோரும் தண்ணீர் குடிக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

வீட்டில் ஜூஸ் நின்றது. கணவர்தான் கொஞ்சம் வருத்தப்பட்டார், புது மிக்ஸி வாங்கியிருந்தார். அத்தை ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஆலைச் சூட்டில் வேலை செய்கிற மகனுக்கு இரண்டு பெரிய பாட்டில்களில் தண்ணீர் கொடுத்தனுப்பத் தொடங்கினார். மீதி வைத்துக்கொண்டு வந்தால் அன்றைக்குச் சாப்பாடு போடும்வரை பேச்சு வாங்க வேண்டும்.

பல மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கல் எதுவும் இல்லை. திரும்பி வரும்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு எலுமிச்சை ஜூஸ் சொன்னோம். கடைக்காரர் வழக்கம்போல் உப்புக்குக் கையை நீட்டினார்.

"உப்பு வேணாம் தம்பி. சக்கரையும் கொஞ்சமாப் போடு. எங்க டீச்சரு குடிக்கறது" என்றார் அத்தை. பிறகு கடையில் நின்றிருந்த நாலு பேருக்கும் ஏன் என்று விளக்க ஆரம்பித்தார். எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, இன்னொரு ஜூஸ் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.