அந்த நானூறு ரூபாய்

கங்காதரனுக்கு பேரம் பேசத் தெரியாது என்று ஊரில் பல பேர் சொன்னதுண்டு. அவரும் அதை மறுத்ததில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பதும் பராமரிப்பதும்தான் அவர் தொழில். பெரிய கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக இருந்து, வெளியே வந்து, ராபர்ட் என்ற ஒரே ஆளைச் சேர்த்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்தார். மாம்பலத்தில் ஒரு பிளாட் கட்டிடத்தின் வேலையும் மந்தைவெளியில் ஒரு கட்டிடத்தின் வேலையும் குறைந்த விலைக்காரரிடம் போய்விட்ட வருஷம் அது. அபிராமபுரத்து பிளாட்டின் லிஃப்ட் ஒப்பந்தமும் கிடைக்காவிட்டால் ராபர்ட்டை அனுப்பிவிடத்தான் வேண்டும். இது அவர் மனைவிக்குத் தெரியும். ராபர்ட்டுக்குத் தெரியாது.

ஞாயிறு சாயங்காலம் அந்த பிளாட் சங்கத்தின் கூட்டம், செயலாளர் சந்திரமௌலியின் ஹாலில். அவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. கங்காதரன் கொடுத்திருந்த கொட்டேஷனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். நாலைந்து வீட்டுக்காரர்கள் சோபாவிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் இருந்தார்கள்.

"பதினெட்டாயிரத்து நானூறு. இன்னொருத்தர் பதினோராயிரம்னு குடுத்திருக்கார். என்ன சொல்றேள்?"

கங்காதரன் கேட்டார்: "அவர் அந்த பதினோராயிரத்துல என்னென்ன செய்றாராம் சார்?"

"வருஷ பராமரிப்புதான். வேறென்ன?"

"லிஃப்டைத் தாங்குற ரோப் தேஞ்சா?"

சந்திரமௌலி தாளைப் புரட்டினார். "உதிரி பாகங்கள் தனி."

"பிரேக் லைனிங், கதவு ரோலர் எல்லாம் அப்போ தனி. அவர் ஏமாத்தல சார், தப்பா நினைக்காதீங்க. அவரோட விலை கூலிக்கு மட்டும். என்னோடதுல சாமானும் சேர்ந்துகீது. உங்க ரோப்பை நான் பார்த்தேன். அதுல இழை அறுந்து நீட்டிக்கினுகீது. இந்த வருஷமே மாத்தணும். அதையும் கூட்டிப் பார்த்துட்டு, அப்புறம் எது மலிவுன்னு சொல்லுங்க."

யாரோ ஒருவர் "ம்" என்றார். சந்திரமௌலி மட்டும் இளகவில்லை. "ஓய், நான் முப்பது வருஷம் டெண்டர் பார்த்தவன். நீர் ஏத்தி வெச்சிருப்பீர், நான் எறக்குவேன். அதானே முறை? ரவுண்டா பதினாறு பண்ணுங்கோ. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் ஏற்றி வைக்கவில்லை. அதுதான் சங்கடம். எல்லோரும் ஏற்றி வைக்கிற ஊரில் நேராக விலை சொல்கிறவனுக்கு இறக்க இடம் கிடையாது.

"பண்றேன் சார். எதை எடுத்துடலாம்னு நீங்களே சொல்லுங்க. ரோப்பா? மாசாமாசம் வர்றதை ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் ஆக்கலாமா? இல்ல, ராத்திரி ஆளா? வேலையைக் குறைச்சா விலை குறையும். வேலை அப்படியே இருந்து விலை மட்டும் எறங்கினா, முன்ன சொன்னது பொய்யின்னு ஆயிடும்."

"ராத்திரி ஆள்னா யாரு?" சுவர் ஓரத்திலிருந்து கேட்டவர் மூன்றாம் மாடி ஸ்ரீலக்ஷ்மி மாமி. அவர் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். படி இறங்க முடியாது.

"ராபர்ட்னு எங்க பையன் மாமி. பட்டினப்பாக்கத்துல இருக்கான். இடுப்புல மாட்டிக்க பேஜர் குடுத்திருக்கேன், நம்பர் வந்தா பீப் அடிக்கும். எந்நேரமும் கூப்பிடலாம்."

"அந்தப் பதினோராயிரக்காராளும் இருபத்தி நாலு மணி நேர சேவைன்னுதான் போட்டிருக்கா," என்றார் சந்திரமௌலி. "பேப்பர்ல எல்லாரும் போடுவா. சரி, இப்பவே கூப்பிடுவோம். லிஃப்ட் நின்னுடுத்து, உடனே வான்னு. வரானா பார்க்கலாம்."

"பொய் சொல்லிக் கூப்பிட வேணாம் சார். இந்த நம்பருக்கு போன் பண்ணுன்னு மட்டும் சொல்லுங்க."

சந்திரமௌலியே பேஜர் நிலையத்தை அழைத்து, அங்கிருந்த பெண்ணிடம் தன் வீட்டு எண்ணை இரண்டு முறை சொன்னார். ரிசீவரை வைத்துவிட்டு கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

காபி வந்தது. குடித்து முடித்தார்கள். போன் அடிக்கவில்லை.

"பேஜரைத் தலகாணிக்கடியில வெச்சுண்டு தூங்கறானோ என்னமோ," என்றார் ஒருவர். சிரித்தார்கள். கங்காதரனும் சிரிக்கப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ராபர்ட் சர்ச்சுக்குப் போவான். ஆனால் அங்கேகூட பேஜரை அணைக்க மாட்டான். பேட்டரி தீர்ந்திருக்குமா? போன வாரம் அதைப் பற்றி என்னவோ சொன்னானே?

டம்ளர்களை எடுத்துப் போனார்கள். ஒருவர் எழுந்து செருப்பைத் தேடினார். சந்திரமௌலி பதினோராயிரத்துக் கொட்டேஷனை மேலே எடுத்து வைத்தார். அதை அவர் ஆத்திரமாகச் செய்யவில்லை. அதுதான் கங்காதரனுக்கு வலித்தது.

"இத பாருங்கோ, உம்ம மேல எனக்கு ஒண்ணும் கோபமில்லை. வராத ஆளுக்கு எதுக்குப் பணம்? கடைசியா கேக்கறேன். பதினாறா?"

விலையை இறக்கினால் சம்பளத்துக்குக் கட்டாது, ராபர்ட் இல்லை. இறக்காவிட்டால் ஒப்பந்தம் இல்லை, அப்போதும் ராபர்ட் இல்லை. பதினாறு என்றால் தான் ஒருவனாவது பிழைக்கலாம். அந்தச் சொல் கங்காதரனின் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. "சரி சார், ப..." என்று வாய் திறந்தபோது போன் அடித்தது.

எடுத்த சந்திரமௌலி ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். ராபர்ட்டின் குரல் அறைக்கே கேட்டது.

"சார், யாரு சார்? பீப் பண்ணீங்களே?"

"அபிராமபுரத்துலேர்ந்து பேசறேன். எத்தனை நாழி கழிச்சுக் கூப்பிடறே?"

"கேட்டுது சார், இடுப்புலதான் அடிச்சுது. அடையார்ல கீறேன். கரெண்ட் போயி லிஃப்ட்ல ரெண்டு பொம்பளைங்க நடுவுல மாட்டிக்கினாங்க. மேல மிஷின் ரூம்ல மெயினை ஆஃப் பண்ணி, பிரேக்கை விட்டுட்டு கையால சக்கரம் சுத்தி லிஃப்டை எறக்கிக்கினு இருந்தேன். சக்கரத்துல கைய வெச்சுக்கினு பேஜரை எப்டி பார்க்கறது? எறக்கி வுட்டுட்டுத்தான் கீழ வந்தேன். இன்னா சார், அங்க நின்னுபோச்சா? தோ வந்துடறேன்."

"இல்லைப்பா. ஒண்ணும் நிக்கலை. வர வேண்டாம்." சந்திரமௌலி ரிசீவரை மெல்ல வைத்தார். பிறகு கங்காதரன் பக்கம் திரும்பினார். குரலில் பிடிவாதம் இன்னும் இருந்தது. "அவன் அங்கே இருக்கச்சே எங்க லிஃப்ட் நின்னா?"

"நான் வருவேன் சார். நானும் மெக்கானிக்தான். ரெண்டு பேரால எவ்ளோ பார்க்க முடியுமோ அவ்ளோ பில்டிங்தான் எடுப்போம். அதுக்கு மேல கேட்டு வந்தவங்களை வேணாம்னு அனுப்பிகீறேன். உங்களுக்கு விலை ஜாஸ்தியா தெரியறதுக்கு அதுவும் ஒரு காரணம்."

ஸ்ரீலக்ஷ்மி மாமி எழுந்தார். "மாமா, நீங்க கூப்பிட்டேள்னு அவன் அந்த ரெண்டு பேரையும் அந்தரத்துல விட்டுட்டு ஓடி வந்திருந்தா, நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். எங்காத்துக்காரர் உள்ளே இருக்கச்சே இன்னொருத்தர் பீப் பண்ணுவார் இல்லையா?"

செருப்பைத் தேடியவர் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

சந்திரமௌலி பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடவில்லை. "மொத்தமா முன்பணம் தர முடியாது. சங்கத்துல அவ்வளவு இல்லை."

"மூணு மாசத்துக்கு ஒருதரம் குடுங்க சார். அது பரவாயில்ல."

"அந்த நானூறையாவது விடுங்கோய்யா. பதினெட்டு ரவுண்டா."

"அந்த நானூறுதான் சார் பேஜர் வாடகையில உங்க பங்கு."

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். சந்திரமௌலியும் சிரித்துவிட்டார். "பேரம் பேசவே தெரியலையேய்யா உமக்கு," என்றபடி கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை புது ரோப்புக்கு அளவெடுக்க ராபர்ட்டை அங்கே வரச் சொல்லியிருந்தார் கங்காதரன். மிஷின் ரூம் வாசலில் டேப்பை விரித்துக்கொண்டே அவன் கேட்டான்: "நேத்து எதுக்குண்ணே பீப் பண்ணாங்க? நான் லேட்டா கூப்பிட்டதால இன்னா சொன்னாங்க?"

கங்காதரன் டேப்பின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்.

"ஒண்ணும் சொல்லல. பேட்டரி தீர்ந்துடப் போவுது, புதுசா ஒண்ணு வாங்கி மாத்திடு," என்றார்.