பச்சைப் புள்ளி வைத்த சார்ஜர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது சென்னையை ஒட்டிய ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் வேலை. இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தோம். ஒரே பிளக் போர்டு, ஐந்து வெள்ளை சார்ஜர். மாறிப்போய்ச் சண்டை வரக்கூடாதென்று ஆளுக்கொரு நிறத்தில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்துக்கொண்டோம். என்னுடையது பச்சை.

போனில் சார்ஜ் ஏறும் துளை தளர்ந்துபோனதால் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் சார்ஜரையும் கேட்டார், கொடுத்தேன். மறுநாள் காலை வாங்கும்போது பஸ் வந்துவிட்டது. டிரைவர் ஹாரனில் கை வைத்தால் எடுக்க மாட்டார். இரண்டையும் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன்.

அன்றிலிருந்து தொல்லை. சார்ஜில் போட்டால் போன் தோசைக்கல் மாதிரி சுட்டது. சூடு அதிகம் என்று திரையில் எழுத்து வரும், சார்ஜ் ஏறாது. ஆறு வயது மகளை ஊரில் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். ஷிப்ட் முடிந்ததும் முகம் பார்த்துப் பேசினால்தான் அவள் சாப்பிடுவாள். மூன்றாம் நாள் பேச்சின் நடுவிலேயே போன் செத்தது. பிள்ளை சாப்பிடாமலே தூங்கிவிட்டது என்று மறுநாள் அக்கா சொன்னாள். சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி இல்லை, வேறு எந்த நிறமும் இல்லை.

அறைத்தோழியின் சார்ஜரில் போனைப் போட்டு, உடனே மேப்பில் அந்தக் கடையைத் தேடி ஒற்றை ஸ்டார் போட்டேன். "சர்வீஸுக்குக் கொடுத்த என் நல்ல சார்ஜரை வைத்துக்கொண்டு டூப்ளிகேட்டைத் தந்துவிட்டார். போன் கொதிக்கிறது. திருட்டுக் கடை. யாரும் போகாதீர்கள்."

மறுநாள் காலையிலேயே கடைக்காரரிடமிருந்து போன்.

"இன்னாக்கா, திருடன்னு போட்டுட்ட? எங்கூட்டுல அத்தப் படிச்சிட்டு அழுதுகினு கீறா. மாறியிருந்தா கூப்ட்டு சொல்லக்கூடாதா?"

"என் சார்ஜரைக் குடுங்க, அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நேரே போனேன். அவர் அந்த சார்ஜரை ஒரு சின்ன மீட்டரில் சொருகிக் காட்டினார். ஐந்து வோல்ட்டில் நிற்க வேண்டியது ஆறு வரை ஏறி ஏறி இறங்கியது.

"மட்டமான பீஸுக்கா. நான் இத விக்கவே மாட்டேன். டெஸ்ட் பண்றப்போ டேபிள்ல எதுவோ மாறிக்கீது. யாருதுன்னுதான் தெரியல."

நம்பாமல், நான் எழுதியதை அவர் முகத்துக்கு நேரே படித்துக் காட்டலாமென்று போனை எடுத்தேன். என்னுடையதற்குக் கீழே, நான் போனைக் கடையிலிருந்து திரும்ப வாங்கிய அதே நாளில், வேறொருவர் ஐந்து ஸ்டார் போட்டிருந்தார். "பேட்டரி மாற்றிக் கொடுத்தார். சார்ஜ் போடும்போது வந்த சூடு சுத்தமாகப் போய்விட்டது. சூப்பர்."

கம்பெனி லைனில் எட்டு வருஷம் நின்றவள் நான். ஒரு பெட்டியில் பாகம் கூடினால் இன்னொரு பெட்டியில் குறைந்திருக்கும். அந்த ஆளின் போனை விட்டுப் போன சூடுதான் எனக்கு வந்திருக்கிறது. அந்த ரிவ்யூவைக் கடைக்காரரிடம் நீட்டினேன்.

"அண்ணே, இந்த ஆளுக்குப் பேட்டரி கெட்டே போகல. இந்த சார்ஜர்தான் அவரு போனைக் கொதிக்க வச்சிருக்கு. இப்ப என் சார்ஜர்ல போட்டுட்டு உங்களைப் புகழ்ந்துக்கிட்டு இருக்காரு."

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. "அவர்கிட்ட சொன்னா அந்த அஞ்சு ஸ்டாரும் பூடுமேக்கா."

மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் போனை எடுத்து அந்த ஆளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், தப்பு என்னுதுதான். பேட்டரி மாத்தத் தேவையே இல்ல, உங்க சார்ஜர்தான் கோளாறு. அதுவும் இங்க மாறிப்போச்சி. உங்ககிட்ட கீறதுல பச்சையா ஒரு பொட்டு கீதா பாருங்க. பேட்டரிக்கு வாங்குனத நானே திருப்பித் தரேன், புது சார்ஜரும் தரேன்."

எதிர்முனையில் கொஞ்சம் சத்தம். அப்புறம், "இருக்குப்பா, பச்சைப் பொட்டு. கொண்டாரேன்."

கடைக்காரர் போனை வைத்துவிட்டு அந்த மட்டமான சார்ஜரின் வயரைக் கட்டரால் வெட்டிக் குப்பையில் போட்டார். என்னிடம் ரிவ்யூவை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எனக்குத்தான் அங்கே நிற்க வெட்கமாக இருந்தது.

கம்பெனியில் அடையாளக் குறியைப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் நகர விடமாட்டேன். இங்கே பச்சைப் புள்ளி வைத்தவளே அதைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். கடை வாசலில் நின்றபடியே எழுதியதைத் திருத்தினேன். "சார்ஜர் மாறியது உண்மை. கண்டுபிடித்து வாங்கித் தருகிறார். திருட்டு என்று நான் எழுதியது பொய். வாங்கும்போது பார்க்காதது என் தப்பு."

அவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இரு, எங்கூட்டுல காட்டிட்டு வரேன்" என்று என் போனை வாங்கிக்கொண்டு மாடியிலிருந்த வீட்டுக்குப் படியேறி ஓடினார்.