கடைசியாகக் குடிப்பவர்

திருப்பதிக்கு மாலையில்தான் ரயில். அதுவரை சித்தூரில் இருக்க வேண்டியிருப்பதால் எங்கள் பழைய சபையின் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன். இன்று திருவிருந்து. திராட்சரசம் குடிக்கச் சபை முழுவதற்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம்.

தையல்காரர் தேவதாசன் மட்டும் தூணோரம் காத்து நிற்கிறார். குஷ்டரோக ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகித் திரும்பியவர். இரண்டு விரல்கள் மடங்கியே இருக்கின்றன. அவர் எல்லோருக்கும் கடைசியில்தான் குடிக்க வேண்டும் என்பது சபையார் செய்த ஏற்பாடு.

அவர் குடித்துவிட்டு எழும்போது, அதுவரை குடிக்காமல் உட்கார்ந்திருந்த ரூத்தம்மாள் முன்னால் வந்து முழங்காலிடுகிறார். போதகர் தயங்குகிறார். ரூத்தம்மாள் கையை நீட்டிப் பாத்திரத்தை வாங்கிக் குடிக்கிறார்.

வாசலில் அவரிடம் கேட்கிறேன்: “பயமா இல்லையாம்மா?”

“இன்னா பயம்? குஷ்டத்துக்கு வருசக்கணக்கா எண்ணெ ஊசி போட்டுக்கினாரு. காது மடல்ல கீறிப் பாத்து, கிருமி இல்லன்னு டாக்டரே அனுப்பிச்சிட்டாரு. நாமதான் தூணாண்ட நிக்க வெச்சிக்கினு கீறோம்.”

ரூத்தம்மாளின் மகளுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரும் இதே சபைதான். அவர்கள் முகம் கொடுக்காமல் எங்களைக் கடந்து போகிறார்கள். ரூத்தம்மாள் அவர்கள் போவதையே பார்க்கிறார். ஆனாலும் தேவதாசனைக் கூப்பிடுகிறார்.

“அண்ணே, பொண்ணுக்கு ரவிக்கைங்க நீங்கதான் தைக்கணும்.”

“விரல்ல உணர்ச்சி இல்லம்மா. ஊசி ஏறினாலும் தெரியாது. கண்ணால பாத்துப் பாத்துத் தைக்கணும், நாளாவும்.”

“ஆவட்டும். நாளைக்கி வந்து துணி வாங்கிக்கோங்க.”

“வூட்டுக்குள்ளயே வரட்டுமா?”

“பின்ன, தெருவுலயா நிக்க வெப்பேன்?”