சுசிலாவுக்குப் பசிக்கவில்லை

குட்மேய்ஸ் சந்திரகுமாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இளமையில் ஜெர்மனிக்குப் போய், ரொட்டி பேக்கரியிலும் பிறகு கார் கராஜிலும் வேலை செய்து, பிள்ளை இங்கிலீசில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். வந்து, கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் என்ற இடத்தில் டயர் கடை போட்டார். எது பழுதானாலும் கையை வைத்துப் பார்த்தால் ஒரு வழி பிறக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அநேகமாகப் பிறக்கவும் செய்தது.

மனைவி சுசிலாவுக்குக் குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவி, இனி மருந்து ஏற்றிப் பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதும் அவர் அப்படித்தான் நினைத்தார். கடையை வேலைக்காரப் பெடியன் சுஜீத்திடம் விட்டுவிட்டு, அதுவரை தேத்தண்ணிக்கு மேல் எதுவும் போட்டறியாத மனிதர் குசினிக்குள் புகுந்தார். எலும்பு சூப், கஞ்சி, சொதியில் ஊறவிட்ட இடியப்பம், மருந்துக்கடைச் சத்துப்பால் என்று மாற்றி மாற்றிச் செய்தார். முன்னறையில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கரண்டியோடு உட்கார்ந்தால் எழும்ப மாட்டார்.

"ஒரு வாய் எடும் சுசி. எனக்காக ஒரே ஒரு வாய்."

சுசிலா எடுப்பார். அடுத்த வாய்க்கு முகத்தைத் திருப்புவார். சந்திரகுமார் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டு வருவார். பாதி நாட்களில் எல்லாம் வாந்தியாய் வெளியே வந்துவிடும்.

ஒரு மத்தியானம் கஞ்சி புரையேறி, சுசிலாவுக்கு மூச்சே நின்றுவிடும் போல் இருமல் வந்தது. கடைசிக்கால நோயாளிகளைப் பார்க்கும் ஹொஸ்பிஸிலிருந்து வீட்டுக்கு வந்து போகும் நர்ஸ் வத்சலா அன்று வரவேண்டிய நாள். மதுரைப் பக்கத்துப் பெண். அந்நேரம் உள்ளே வந்தவள், சுசிலாவை நிமிர்த்தி உட்காரவைத்து, இருமல் அடங்கும்வரை முதுகில் கைவைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணா, போன தடவை ஒரு புத்தகம் கொடுத்தேனே, படிச்சீங்களா?"

"அது இங்கிலீஷ், பிள்ளை. நான் இங்கிலீஷ் கதைப்பன். வாசிக்கிறதெண்டால் ஜெர்மன், இல்லாட்டித் தமிழ்தான். மகள் வாசிச்சுச் சொன்னவள், சாப்பாடு கட்டாயப்படுத்தக் கூடாதெண்டு. வெள்ளைக்காரர் அப்பிடிச் செய்வினம். எங்களுக்குச் சரிவராது."

வத்சலா அடுத்த முறை வந்தபோது, தானே தமிழில் எழுதி அடித்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். சந்திரகுமார் அதைக் கடைக்குக் கொண்டுபோய், சுஜீத் வெளியே ஒரு வான் வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருக்க, உள்ளே இருந்து வாசித்தார்.

"அன்புள்ள குடும்பத்தாருக்கு,

கடைசி வாரங்களில் நோயாளிக்குச் சாப்பாட்டில் விருப்பம் குறைவது வழக்கம். உடம்பு மெல்ல மெல்ல வேலையை நிறுத்திக்கொண்டு வருகிறது. சாப்பிடும் உணவை முன்புபோல் பயன்படுத்த அதனால் முடிவதில்லை. அவர் சாப்பிடாததால் நோய் முற்றுவதில்லை. நோய் முற்றுவதால்தான் சாப்பாடு குறைகிறது. இந்த நேரத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பசி தெரிவதில்லை. வற்புறுத்திக் கொடுத்தால் வாந்தி வரலாம், வயிறு நோகலாம், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

குழாய் வழியாக உணவு கொடுப்பது இந்தக் கட்டத்தில் பொதுவாக ஆயுளைக் கூட்டாது, தொந்தரவைக் கூட்டலாம். சேலைன் ஏற்றுவது ஆளுக்கு ஆள் வேறுபடும், டாக்டரிடம் பேசலாம்.

சாப்பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் விழித்திருக்கும்போது, விரும்பிக் கேட்டதை, நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் கொஞ்சமாகக் கொடுங்கள். விழுங்கிவிட்டாரா என்று பார்த்து அடுத்ததைக் கொடுங்கள். ருசிக்காகவும் சந்தோஷத்துக்காகவும் மட்டும் கொடுங்கள், அளவு பார்க்க வேண்டாம். வாயை மூடினாலோ முகத்தைத் திருப்பினாலோ, அதுவே அவருடைய பதில். வாய் காய்ந்தால் மெத்தென்ற பல் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். உதட்டுக்குக் களிம்பு தடவுங்கள். பக்கத்தில் இருப்பதும் கவனிப்புத்தான்."

பாதியிலேயே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வத்சலாவுக்குப் போன் போட்டார்.

"பசி தெரியாதெண்டு எழுதியிருக்கிறியள். உங்களுக்கு எப்பிடித் தெரியும்? பட்டினி போடச் சொல்லுறியளோ?"

"இல்லண்ணா. எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு நான் சொல்ல மாட்டேன். அக்கா இன்னும் பேசுறாங்க இல்ல? அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்களேன்."

இவ்வளவு நாளும் அவர் கேட்டதில்லை. 'ஒரு வாய் எடும்' என்றுதான் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து, அன்று கரண்டி எடுக்காமல், கட்டிலருகே உட்கார்ந்தார்.

"சுசி, உமக்குப் பசிக்குதே?"

"இல்லை." சுசிலா சொன்னார்: "கொஞ்ச நாளா இல்லை. நீங்கள் கரண்டியோட வரேக்க பயமா இருக்குது. வேண்டாமெண்டால் உங்கட முகம் வாடிப்போகும், அதுக்குத்தான் விழுங்கிறனான்."

சந்திரகுமார் எழும்பிக் குசினிக்குப் போனார். அடுப்பிலிருந்த சூப்பை இறக்கி மூடிவைத்தார். திரும்பி வந்து, ஏதாவது விருப்பமா என்று மட்டும் கேட்டார்.

"இஞ்சி பியர். குளிரக் குளிர."

தமிழ்க் கடையில் அந்த இஞ்சிச் சோடாவை வாங்கிவந்து, காஸ் போகும்வரை திறந்து வைத்து, ஐஸ் தட்டில் உறையவைத்து நொறுக்கினார். நிமிர்த்திய கட்டிலில் ஒரு தேக்கரண்டித் துகளை வாயில் வைத்ததும், சுசிலா கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதுக்கு உதட்டை மூடிக்கொண்டார். சந்திரகுமாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை தெற்கு லண்டன் நோர்பரியிலிருந்து சுசிலாவின் தமக்கை கமலாம்பிகை பெரிய பையோடு வந்தார். மரக்கறி, புட்டு, பாயாசம். தங்கையின் கன்னத்தைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது.

"என்ன தம்பி இது, எலும்பும் தோலுமாக் கிடக்கிறாள்? ஒண்டும் குடுக்கிறேல்லையோ? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழாயாவது போட வேண்டாமே?"

மகள் கோசிகா பதில் சொல்ல வாயெடுத்தாள். சந்திரகுமார் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மச்சாளைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டுபோய், தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். "குழாயைப் பற்றி டாக்டரிட்டையும் கேட்டனான் மச்சாள். சுசிக்கே விருப்பமில்லை," என்றார்.

கமலாம்பிகை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அப்ப நான் வந்து என்னத்தைச் செய்யிறது?"

"வாய் துடைச்சு விடுங்கோ. என்ர கை முரடு, உங்களுக்கு நல்லா வரும்."

குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, தமக்கை தங்கையின் வாயைத் துடைத்தார். உதட்டுக்குக் களிம்பு தடவினார். காலைப் பிடித்துவிட்டபடி, நோர்பரியில் யார் வீடு விற்றார்கள், யாருடைய மகன் யாரைக் கட்டினான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுசிலா இரண்டு தரம் சிரித்தார். பாயாசத்தில் விரல் நுனியளவு நாக்கில் வைக்கச் சொல்லி, "சீனி கூடிப்போச்சுது அக்கா," என்றார்.

அதன்பின் சுசிலா ஏதும் கேட்பதும் குறைந்தது, பெரும்பாலும் நித்திரை. ஒரு காலை, மகள் தலையைக் கோதிக்கொண்டிருக்க, மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து நின்றது. சந்திரகுமார் கையைப் பிடித்தபடி இருந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில நாளில் வத்சலா வீட்டுக்கு வந்தாள். அந்தத் தாளை வேறு தமிழ்க் குடும்பங்களுக்கும் கொடுக்கலாமா, ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டாள்.

"ஒண்டு மட்டும்," என்றார். "சாப்பாட்டை நிறுத்தச் சொல்லேல்லை எண்டு கீழ எழுதியிருக்கிறியள். அதை முதல் வரியாப் போடுங்கோ. எனக்கு அவ்வளவு தூரம் வாசிக்க முன்னமே கோவம் வந்திட்டுது."

அவள் குறித்துக்கொண்டாள். அவர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு அவள் போனதும், ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தார். சுஜீத் தனியே இருந்தான், வெளியே டயர் மாற்ற இரண்டு கார்கள் காத்து நின்றன.