எட்டு ஊர்களின் மனநிறைவு வரிசை

11-8-1956, சனிக்கிழமை. என் நாட்குறிப்பில் அன்றைக்கு இரண்டே வரிகள்: "என் விடை 0.59. அவன் விடை 0.42. அதிகாரி அவனுடையதை எடுத்துக்கொண்டார்."

அவன் என்று ஒருமையில் எழுதியதற்குக் காரணம் உண்டு. எங்கள் பிளாக் ஆபீசில் நான் ஆறு மாதம் மூத்தவன். வயதிலும் நான்கு ஆண்டு பெரியவன். நான் இண்டர்மீடியட். அவன் கணக்கில் பட்டம் பெற்று, அந்த ஆண்டு சித்திரையில் வந்து சேர்ந்தான். வந்த வாரமே ஜன்னலோரத்து மேஜை அவனுக்குப் போயிற்று. அதிகாரி என்னை நிற்கவைத்தே வேலை சொல்வார். அவனிடம் "உட்காருங்க" என்பார். நான் பதினைந்து நாள் உழைத்துத் தயாரித்த புள்ளிவிவர அறிக்கையில் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்ன மனிதர், அவன் பென்சிலால் கிறுக்கிய ஒரு தாளை ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதனால் அவன்மேல் கோபப்படவும் வழியில்லாமல் இருந்தது.

திருநெல்வேலியில் மாவட்டப் புள்ளிவிவரப் பிரிவில் ஓர் உதவியாளர் இடம் காலியாயிற்று. எங்கள் இருவரில் ஒருவரை அதிகாரி சிபாரிசு செய்ய வேண்டும். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து சங்கரன்கோவில் கொஞ்சம் ஓய்ந்த சமயத்தில் அவர் எங்களை அழைத்து ஒரு வேலை கொடுத்தார். குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரி ஊர்கள் எட்டில் சின்னதாக ஒரு விசாரணை நடத்தியிருந்தோம். பயிர்த்தொழிலுக்கு யோசனை சொல்ல ஊர் ஊராகப் போகும் கிராம சேவகரின் வேலையில் விவசாயிகளுக்கு எவ்வளவு திருப்தி என்பதுதான் கேள்வி. திருப்தியை மார்க்காகப் போட்டால் யார் நம்புவார்கள் என்று, எந்த ஊர் முதல், எந்த ஊர் கடைசி என்று வரிசை மட்டும் போட்டு வைத்திருந்தோம். மூன்று மாதத்தில் ஒவ்வோர் ஊருக்கும் கிராம சேவகர் எத்தனை முறை போனார் என்ற எண்ணிக்கையும் கையில் இருந்தது. போகப் போகத் திருப்தி கூடுகிறதா? இதற்கு ஆளுக்கொரு விடை தர வேண்டும். சொல்லாவிட்டாலும் இது எங்கள் இருவருக்கும் பரீட்சை என்று தெரிந்தது.

நான் பியர்சன் முறையில் இறங்கினேன். இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதை ஓர் எண்ணால் சொல்லும் கணக்கு அது; பூஜ்யம் என்றால் உறவே இல்லை, ஒன்று என்றால் முழு உறவு. ஒன்று முதல் எட்டு வரை இருந்த வரிசை எண்களை அப்படியே அளவுகளாக எடுத்துக்கொண்டேன். வருகை எண்ணிக்கைக்குச் சராசரி கண்டு, ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, பெருக்கி, வர்க்கம் கண்டு, வர்க்கமூலம் எடுத்தேன். முதல் இடம் என்றால் எண் சிறியது என்பதால் விடைக்கு மைனஸ் குறி வந்தது. அதை மாற்றிப் படித்தால் 0.59. எண்ணிக்கையும் திருப்தியும் ஓரளவு சேர்ந்தே போகின்றன என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

அவன் அதையே வரிசைகளுக்கென்று உள்ள ஸ்பியர்மன் முறையில் போட்டான். வருகை எண்ணிக்கையையும் வரிசையாக்கி, இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, ஒரு சின்னச் சூத்திரத்தில் இட்டான். டீ வருவதற்குள் முடித்துவிட்டான். அதுதான் எனக்கு முதலில் எரிந்தது.

அதிகாரி இரண்டு தாளையும் பார்த்து, ஏன் வேறுபடுகிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசினான். அவன் சொன்னதன் சாரம் இது: முதல் ஊருக்கும் இரண்டாம் ஊருக்கும் உள்ள திருப்தி இடைவெளியும், ஏழாம் ஊருக்கும் எட்டாம் ஊருக்கும் உள்ள இடைவெளியும் ஒன்றா என்று நமக்குத் தெரியாது; வரிசை மட்டுமே தெரியும். தவிர, சாலையோரத்து ஊர் ஒன்றுக்கு ஜீப் போகிறது என்பதால் கிராம சேவகர் இருபத்துநான்கு முறை போயிருக்கிறார். மற்ற எந்த ஊருக்கும் எட்டு முறைக்கு மேல் போகவில்லை. அந்த ஊர்தான் திருப்தியிலும் முதல். வரிசையாக்கினால் அந்த இருபத்துநான்கும் வெறும் முதல் இடம்தான்; அளவாக எடுத்தால் அது ஒன்றே விடையை இழுத்துவிடும்.

"அந்த ஒரு ஊர எடுத்துட்டுப் போட்டுப் பாருங்க அண்ணாச்சி," என்றான் என்னிடம், மிகவும் மரியாதையாக.

அதிகாரியின் முன்னாலேயே போட்டேன். 0.59 என்பது 0.13 ஆயிற்று. ஒரே ஓர் ஊர் என் விடையைத் தூக்கி நிறுத்தியிருந்தது. "உம்ம விடை மட்டும் இறங்காதோ?" என்றேன். "இறங்கும் அண்ணாச்சி, எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் மிஞ்சும். எட்டு ஊர வச்சு பாயிண்ட் நாப்பத்திரண்டுன்னு வந்தாலே அதிகமா ஒண்ணும் சொல்ல முடியாது. அதத்தான் நானும் எழுதியிருக்கேன்," என்றான். பார்த்தேன். எழுதியிருந்தான்.

அவன் தாளை அன்று மாலை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். படியெடுத்துத் தருகிறேன் என்று கேட்டு வாங்கினேன்; என் கையெழுத்து அழகு என்பது இதற்காவது பயன்பட்டது. எங்காவது ஓர் ஓட்டை இருக்கும் என்று உறுதியாக நம்பினேன். ஞாயிறு காலை கண்டுபிடித்தேன். வித்தியாசங்களைக் குறியோடு கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். அவனுடையது ஒன்று என்று வந்தது.

இரண்டு ஊர்களுக்குக் கிராம சேவகர் ஐந்து ஐந்து முறை போயிருந்தார். அவன் இரண்டுக்கும் ஐந்தாம் இடம் கொடுத்து, அடுத்த ஊருக்கு ஏழாம் இடம் போட்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்கள் ஒரே மார்க் வாங்கினால் அப்படித்தான் செய்வார்கள். இந்தக் கணக்கில் ஐந்தாம், ஆறாம் இடங்களைப் பாதியாகப் பகிர்ந்து ஆளுக்கு ஐந்தரை கொடுக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மத்தியானச் சாப்பாடு வெகு நாளைக்குப் பிறகு ருசித்தது.

திங்கள் காலை அதிகாரி வந்ததும் தாளை அவர் மேஜையில் வைத்தேன். அவன் எட்டிப் பார்த்தான். ஒரு கணம் காது சிவந்தது.

"பள்ளிக்கூடத்துல ரேங்க் போடுத மாதிரி போட்டுட்டேன்," என்றான். பிறகு சிரித்தான். "எங்கப்பா வாத்தியாரு. அந்தப் புத்தி."

அதிகாரி கேட்ட முதல் கேள்வி, திருத்தினால் என்ன வரும் என்பது. நான் அதைப் போட்டுப் பார்க்காமல் இல்லை. 0.41.

"ஒரு புள்ளி குறையுது," என்றார். "இதுக்கா வே ஞாயித்துக்கிழமையக் கெடுத்தீரு?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. திருத்தம் சரிதான் சார், ஐந்தரைதான் முறை, அண்ணாச்சி பார்க்காவிட்டால் திருநெல்வேலியில் என்னைப் பிடித்திருப்பார்கள் என்று சொன்னான். அவன் பெருந்தன்மை அவன் தவறைவிட எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. விடை இன்னும் கொஞ்சம் இறங்கியதால், உறவு அவ்வளவு வலுவானதல்ல என்ற அவனுடைய முடிவுக்கு என் திருத்தமே இன்னொரு முட்டுக் கொடுத்தது. சுத்தப்படியையும் நானே எழுதினேன். ஐந்தரை, ஐந்தரை என்று என் கையாலேயே, மைக்கூட்டில் பேனாவை இரண்டு முறை தோய்த்து.

புரட்டாசியில் அவனுக்குத் திருநெல்வேலி உத்தரவு வந்தது. ஆபீசில் எல்லாரும் சேர்ந்து பஸ்ஸுக்கு வழியனுப்பினோம். பெட்டியை நான்தான் மேலே ஏற்றினேன். ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி என்றான். வாரேன் என்றேன். போனதில்லை.

அவன் இடத்தில், அதாவது ஜன்னலோரத்தில், நான் உட்கார்ந்தேன். காற்று வந்தது. கூடவே செம்மண் தூசியும் வந்தது; தாள்களைத் தினம் துடைக்க வேண்டியிருந்தது. அவன் ஒருநாளும் இதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

பிறகு ஒருமுறை எங்கள் டைப்பிஸ்ட், சிபாரிசுக் கடிதத்தைத் தான் அடித்தது ஆனி மாதத்திலேயே, எங்களிடம் கணக்குக் கொடுப்பதற்கு முன்பே என்று சொன்னார். அப்படியானால் 0.59, 0.42, 0.41 எதற்கும் பொருளில்லை. நான் தோற்றது கணக்கில் அல்ல. ஆனால் டைப்பிஸ்டுக்கு மாதங்களில் தடுமாற்றம் உண்டு. கடிதத்தின் நகலை நான் பார்க்கவில்லை, கேட்டும் பார்க்கவில்லை. அதன் தேதி எனக்கு இன்றுவரை தெரியாது.