என் தாயின் ஒரே சகோதரனுடைய மகன்

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த வகுப்பு நடந்தது. வங்கிக் குமாஸ்தா பரீட்சைக்குத் தயார் செய்வார்கள். கடலூரிலிருந்து ரயிலில் போகும் ஒரே பெண் நான்தான். சிதம்பரம் ஸ்டேஷனில் மச்சான் காத்திருப்பார் என்பதால்தான் அப்பா என்னை அனுப்பினார். மச்சானும் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வந்து அதே வகுப்பில் படித்தார்.

மச்சான் என் அம்மாவின் ஒரே தம்பியின் மகன். அதோடு என் அப்பாவின் தங்கை மகனும்கூட. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே பந்தலில் இரண்டு தாலி கட்டினார்களாம். அந்தக் கணக்கில் அடுத்த தாலி எனக்கு என்று நான் பிறந்தபோதே பேசி முடித்துவிட்டார்கள்.

எனக்கு மச்சான்மேல் வெறுப்பு ஒன்றுமில்லை. மாமா வீட்டின் அடுப்படிமேல்தான் வெறுப்பு. அறுவடைக் காலத்தில் அத்தை கூலி ஆட்களுக்கெல்லாம் வடித்துக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பி.யூ.சி. படித்துவிட்டு அந்த அடுப்புக்குப் போக எனக்கு மனமில்லை. அழுது, சாப்பிடாமல் கிடந்து, அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினேன். "பரீட்சையில பாஸ் பண்ணி வேலை கெடச்சா உன் இஷ்டம். இல்லன்னா தை மாசம் கல்யாணம். அப்பறம் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். அந்தப் பரீட்சையை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

அதில் அறிவுத்திறன் என்று ஒரு பகுதி உண்டு. இரத்த உறவுக் கணக்குகள் அதில்தான் வரும். வகுப்பெடுத்த வாத்தியார், வாக்கியத்தைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் படமாகப் போடச் சொல்வார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு நடுவில் இரட்டைக் கோடு, உடன்பிறந்தவர்களுக்கு நடுவில் ஒற்றைக் கோடு, பிள்ளைகளுக்குக் கீழே இறங்கும் கோடு.

ஒரு நாள் அவர் கேட்ட கணக்கு இது: ஒரு பெண் ஒரு போட்டோவைக் காட்டி, "இவன் என் தாயின் ஒரே சகோதரனுடைய மகன்" என்கிறாள். அவன் அவளுக்கு யார்?

"கட்டிக்கப்போறவரு சார்!" என்று பின்பெஞ்சில் ஒருவன் கத்தினான். அறையே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் என் காது சிவந்தது மட்டும்தான் மிச்சம். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு பென்சிலைச் சீவினார்.

"பரீட்சையில அப்படி எழுதினா சுழிதான் கெடைக்கும்" என்ற வாத்தியார் என்னைப் பலகைக்கு அழைத்தார். "அந்தப் பையனோட அம்மா, இந்தப் பொண்ணோட அப்பாவுக்கு என்ன உறவு? போட்டுக் காட்டும்மா."

அப்பாவுக்குச் சதுரம், அம்மாவுக்கு வட்டம், நடுவில் இரட்டைக் கோடு. அம்மாவுக்கு ஒற்றைக் கோட்டில் ஒரு சகோதரன், அவனுக்கு இரட்டைக் கோட்டில் ஒரு மனைவி, அவர்களுக்குக் கீழே மகன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் கை அந்த மனைவியின் வட்டத்திலிருந்து அப்பாவின் சதுரம் வரைக்கும் வளைத்து இன்னொரு ஒற்றைக் கோடு போட்டது. "தங்கச்சி சார்" என்றேன்.

"இந்தக் கோடு எங்கேருந்து வந்துச்சு?"

"எங்க வீட்ல அப்படித்தான் சார்."

மறுபடியும் சிரிப்பு. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "கேள்வியில இருக்கறத மட்டும் போடு. உங்க வீட்டக் கொண்டாந்து நுழைக்காத. அவ இவருக்குப் பொண்டாட்டியோட சகோதரன் பொண்டாட்டி. அவ்வளவுதான் கேள்வி சொல்லுது. மத்ததெல்லாம் நீயா சேத்துக்கிட்டது" என்று அந்தக் கோட்டை அழித்தார்.

பரீட்சை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதே கணக்கு தலைகீழாக வந்தது. ஒருவர் ஒரு பையனைக் காட்டி, "இவன் என் மனைவியின் ஒரே சகோதரனுடைய மகன்" என்கிறார். அவனுடைய தாய் அவருக்கு யார்? நான்கு விடைகளில் முதலாவதாகவே 'சகோதரி' என்று இருந்தது. என்னைப் போன்றவர்களுக்கென்றே வைத்த பொறி. படம் போட்டேன். கை அந்தக் கோட்டுக்குப் போனது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வியர்த்த கையைத் தாவணியில் துடைத்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தேன். மனைவியின் சகோதரனுடைய மனைவி என்பதைக் குறித்தேன்.

வெளியே வந்ததும் மச்சான் முதலில் அதைத்தான் கேட்டார். நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"நான் தங்கச்சின்னு போட்டுட்டேன் புள்ள. அவசரத்துல எங்கம்மா ஞாபகந்தான் வந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நான் தேறினேன். மச்சான் தேறவில்லை. எனக்கு வேலை உத்தரவும் வந்தது. அப்பா கொடுத்த வாக்கை மீறவில்லை. மாமாவுக்கு ஆள் அனுப்பி, பெண் வேலைக்குப் போகப் பிரியப்படுகிறாள், கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று பக்குவமாகத்தான் சொல்லச் சொன்னார்.

பதிலாக அத்தை வந்தாள். கையில் ஒரு துணிப்பை. கூட வந்த வண்டிக்காரன் வாசலிலேயே நின்று, மாமா சொல்லி அனுப்பியதை ஒப்பித்தான். "எம் புள்ளய வேணாம்னு சொன்ன வீட்டுப் பொண்ணு எனக்கும் வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

அப்பா அத்தையை உள்ளே கூட்டிப் போனார். அம்மா அலமாரியைத் திறந்து தன் புடவைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். பெண் எடுத்த வீட்டில் ஒருத்தியைத் திருப்பி அனுப்பினால் இந்த வீட்டிலும் ஒருத்தி கிளம்ப வேண்டும். எங்களவர்களிடம் அதுதான் வழக்கம். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. யாராவது சொல்லும் முன்னால் தானே தயாராகிவிட வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அவள் மடிப்பதைப் பார்த்ததும், வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட முடிவு செய்தேன்.

மறுநாள் மாமா, பங்காளிகள் நாலு பேரோடு பேச வந்தார். மச்சானும் வந்தார். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "தீத்துவிட்டுடலாம், ரெண்டு கல்யாணத்தையும்" என்றார். நான் கதவருகிலிருந்து வாய் திறப்பதற்குள் மச்சான் எழுந்துவிட்டார்.

"பொண்ணு வேணாம்னு சொல்லலப்பா. நான்தான் சொன்னேன். எனக்கு அவளப் புடிக்கல. இந்த மாமாதான் நம்ம மானம் போவக் கூடாதுன்னு தம் மேல போட்டுக்கிட்டாரு."

பையன் வேண்டாம் என்றால் குற்றம் பையன் வீட்டில். அப்புறம் மாமா எந்த முகத்தோடு அத்தையைத் தள்ளிவைக்க முடியும்? வந்த பங்காளிகளே அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா மகனை அறைந்தார். மச்சான் கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. "கெளம்பும்மா" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். என் பக்கம் பார்க்கவில்லை.

எனக்கு வேண்டியதைத்தான் அவர் சொன்னார். ஆனாலும் 'புடிக்கல' என்று நாலு பேர் நடுவில் கேட்டது நெஞ்சில் குத்தியது. உள்ளே போய் அழுதேன். அம்மா புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை பையை எடுக்க உள்ளே வந்தாள். என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சின்ன வயசுலேருந்து அவனுக்குப் பொய் சொல்லவே வராது. இன்னிக்கித்தான் சொல்லியிருக்கான்" என்றாள். "வேலைய ஒழுங்காப் பாருடி."