சீதையின் நினைவு அட்டையில் ஒரு வரி

ஞானசம்பந்தத்தாருக்கு நன்றி சொல்ல ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்தவருக்குச் சொல்லுவார். மழைக்கு ஒதுங்க விட்ட கடைக்காரருக்கு இரண்டு தரம் சொல்லுவார். கட்டிய மனைவி சீதைக்கு மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. மனைவிக்கு யார்தான் நன்றி சொல்லுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். களுபோவில ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடும்வரை அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், அவர் கணக்கு எழுதிய கொழும்புப் புறக்கோட்டைப் புடைவைக்கடை எரிந்தது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவருக்கு நிலையான வேலை கிடையாது. கேட்டவர்களிடம் 'கொமிஷன் வியாபாரம்' என்று சொல்லிவைத்தார். தினமும் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வெளியே போவார், காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவை அளந்துவிட்டுத் திரும்புவார். வெள்ளவத்தை வீட்டில் உலை கொதித்தது சீதையின் தையல் மெஷினால். அவள் அதைப்பற்றித் தன் தமையனிடம்கூட மூச்சு விடவில்லை. கேட்டால், "இவருக்கு வியாபாரம் பரவாயில்லை" என்பாள். அப்படியொரு மனுஷி!

முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை அடிக்க, அந்தத் தமையன் சிவபாதசுந்தரத்தோடு ஞானசம்பந்தத்தார் மர்லியா என்ற பெண்ணின் அச்சுக் கடைக்குப் போனார். காலி வீதியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், உட்கார இரண்டு கதிரை. அவ்வளவுதான் கடை. மர்லியா முஸ்லிம்; அவள் சொந்தக்காரர்களில் யாராவது இறந்து மௌத்தானால் பள்ளிவாசலில் அறிவிப்பதோடு சரி, படம் போட்டு அட்டை அடிக்கிற வழக்கம் இல்லை. ஆனால் யாருக்கு 'அமரர்', யாருக்கு 'சிவபதமடைந்தார்', யாருக்கு 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அவளுக்கு அத்துப்படி.

சிவபாதசுந்தரத்தாருக்கு அட்டையில் எல்லாமே வேண்டும். முகில், ஒளிவட்டம், குத்துவிளக்கு, பூவேலை, 'குலவிளக்கே' என்று தொடங்கும் எட்டு வரிப் பாட்டு. ஒரே தங்கச்சி, ஆசைப்படாமல் இருப்பாரா? மர்லியா பாட்டை மட்டும் விட்டுவைத்து, மற்றதை அவர் மனம் கோணாமல் ஒவ்வொன்றாகக் குறைத்தாள். குத்துவிளக்கு ஒன்றைச் சின்னதாக மேலே வைத்தாள். ஒரே எழுத்துரு, பெயர் மட்டும் தடித்து, மற்றதெல்லாம் மெல்லிசாய்க் கறுப்பில். மேலே இருக்கிற சுழியும் கீழே இறங்குகிற காலும் முட்டாமல் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டாள்.

படம் ஒரு கலியாண வீட்டில் எடுத்தது. சீதை சற்றே தன் இடப்பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அவள் பார்வை வலப்பக்கம் போகும். சிவபாதசுந்தரத்தார் அதை அட்டையின் வலது ஓரத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்.

"அங்கிள், இப்பிடி வெச்சா அன்ட்டி அட்டைக்கு வெளிய பாத்துக்கொண்டு ஈக்கிறாங்க," என்றாள் மர்லியா.

"அப்ப படத்தைத் திருப்பி விடும் பிள்ளை."

"திருப்பாதேங்கோ," என்றார் ஞானசம்பந்தத்தார் பதறி. "மூக்குத்தி மற்றப் பக்கம் போயிடும். பிறகு அது அவ இல்லை."

மர்லியா படத்தை இடப்பக்கம் நகர்த்தினாள். அதன் கீழே தோற்றமும் மறைவும். இப்போது சீதை பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கும் கீழே நன்றி நவிலல். மலர்வளையம் கொண்டுவந்தவர்கள், சமைத்துக் கொடுத்தவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள், ஒருவரும் விடுபடவில்லை. ஞானசம்பந்தத்தார் இரண்டு தரம் வாசித்தார்.

"எல்லாருக்கும் நன்றி இருக்கு. இவவுக்கு எங்க?"

"செத்தவைக்கு ஆர் ஐசே நன்றி போடுறது? அதுக்குத்தானே பாட்டு," என்றார் சிவபாதசுந்தரத்தார்.

"பாட்டை எடுங்கோ பிள்ளை," என்றார் ஞானசம்பந்தத்தார். "நான் சொல்லுறதைப் போடுங்கோ."

மச்சானின் முகத்தைப் பார்க்கப் பயந்து, திரையைப் பார்த்தபடியே சொன்னார். மர்லியா தட்டினாள். 'சீதை, வேலையில்லாமல் நான் இருந்த ஏழு வருஷமும் நீர் தைத்துத்தான் நாங்கள் சாப்பிட்டோம். நன்றி. ஞானசம்பந்தம்.'

சிவபாதசுந்தரத்தார் விறைத்துப்போனார். "கொமிஷன் வியாபாரம் எண்டீர்?"

"பொய்."

"ஊர் முழுக்க இந்த அட்டையை வாசிக்கும். உம்மட மரியாதை என்னாகிறது?"

"இவ்வளவு நாளும் அவதான் அதைக் காப்பாத்தினவ. காணும் மச்சான், போதும்."

மர்லியா பாட்டு இருந்த இடத்தின் நடுவில் அந்த வரிகளை வைத்து, சுற்றிலும் வெறுமையாக விட்டாள். சிவபாதசுந்தரத்தார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்தார். வெகுநேரம் வாசித்தார்.

"எனக்கும் சொல்லேல்லையே, விசரி," என்றார் தங்கச்சியின் படத்தைப் பார்த்து. குரல் உடைந்துவிட்டது. பிறகு மர்லியாவிடம், "எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கும் பிள்ளை. எல்லாரும் வாசிக்கட்டும்."

"வேண்டாம் மச்சான்," என்றார் ஞானசம்பந்தத்தார். "பக்கத்திலதானே இருக்கிறா. அவவுக்குக் கேக்கும்."